பிரிந்து வாழ்கிறோம் என்று ஊருக்குச் சொல்வது எப்படி

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் ஒரு தம்பதி பிரிந்தால் அதை அறிவிக்கவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு வாசலில் லாரி மூன்று வாரமாக நிற்கவில்லை என்பதைப் பக்கத்து வரிசைக்காரர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பாசார் மாலாமில் அவள் தனியாகக் காய் வாங்குவதைப் பார்த்தவர் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். பிறகு எதற்கு முகநூலில் ஒரு பதிவு?

ஊருக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை ஊரே எழுதிக்கொள்ளும். அதற்காகத்தான். நான் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கோயில் செயலவைக்கு அழைப்பிதழ் எழுதுவேன், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதித் தருவேன், கண்ணீர் அஞ்சலியும் எழுதியிருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பிரிவுப் பதிவும் என் மேசைக்கு வருகிறது. மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் கஷ்டம். கல்யாணத்துக்கு நம்மிடம் வாசகம் இருக்கிறது, சாவுக்கும் இருக்கிறது. பிரிவுக்கென்று நமக்குத் தெரிந்ததெல்லாம் பழைய பத்திரிகை விளம்பரம்: ‘இன்று முதல் எனக்கும் இவருக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை, இவர் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல.’ அந்தக் குரலில் எழுதினால் கௌரவமும் இருக்காது, அமைதியும் வராது.

முதல் தடவை எழுதப்போகிறவர்களுக்காக, ஒரு பெண்ணுக்கு நான் உதவிய கதையோடு சேர்த்துச் சொல்கிறேன். அவளுக்கும் அவருக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருடம், இரண்டு பிள்ளைகள். அவர் செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டியவர், இப்போது ஈப்போவில் வேலை. யார் என்று ஊரில் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதுவதற்கு முன்

பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளக் கூடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிள்ளைகள், இரு பக்கத்துப் பெற்றோர், தாய்மாமன், கல்யாணத்தை முன்னின்று நடத்திய பெரியவர், பிள்ளைகளின் வகுப்பாசிரியர். அநேகமாகப் பத்துப் பேருக்குள் முடிந்துவிடும். இவர்களுக்கு நேரிலோ போனிலோ சொல்லுங்கள். கடைசி ஆளுக்குச் சொன்னதற்கும் பதிவு போடுவதற்கும் இடையில் ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள். விட்டால் பதிவு வருவதற்குள் அத்தை வீட்டுக் குரல்பதிவு ஈப்போவைத் தாண்டியிருக்கும்.

வகுப்பாசிரியர் எதற்கு என்று கேட்பார்கள். பதிவு வெளிவந்த மறுநாள் காலை பள்ளியில் இன்னொரு பிள்ளை ஏதாவது கேட்கும். ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுவார். இதை வகுப்பறையில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாவது, நாள். தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ முந்தின வாரம் வேண்டாம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதையே பேசுவார்கள். ஆனால் கோயில் திருவிழா அப்படியல்ல, அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் உபயக்காரர் பட்டியல் அச்சுக்குப் போகும். அதில் ‘திரு–திருமதி குடும்பத்தினர்’ என்று இருவர் பெயரும் சேர்ந்து வந்துவிட்டால், பூசையன்று ஐயர் சங்கல்பத்துக்குப் பெயர் கேட்டு இருவரையும் கூப்பிடுவார். அங்கே கூட்டத்தின் நடுவில் விளக்கம் சொல்வதைவிட ஒரு மாதம் முன்னால் செயலவைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இந்தப் பெண் அப்படித்தான் என்னிடம் வந்தாள். உபயத்துக்குப் பெயர் கேட்க நான் போன் செய்தேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு “டீச்சர், நான் வீட்டுக்கு வந்து சொல்றேன்” என்றாள்.

மூன்றாவது, அடி உதை, மிரட்டல் இருக்கிற வீடாக இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவையுங்கள். அங்கே முதல் வேலை பதிவு அல்ல. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை வாங்க வழி இருக்கிறது. தாலியான் காசே 15999 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பது எந்தப் பதிவிலும் வரக்கூடாது. குறை சொல்லாமல் எழுதுவது ஊருக்கு எழுதும்போது மட்டும். போலீஸிடமும் நீதிமன்றத்திலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

அவள் எழுதி வந்த பதிவு

அவள் போனிலேயே எழுதி வைத்திருந்தாள். அப்படியே தருகிறேன்:

“அனைவருக்கும் வணக்கம். கனத்த இதயத்துடன் இதை எழுதுகிறேன். பதினான்கு வருடம் எவ்வளவோ பொறுத்துப் போனேன். முடிந்தவரை இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். விதி வேறு மாதிரி எழுதிவிட்டது. பிள்ளைகளின் நலனுக்காகப் பிரிய வேண்டியதாயிற்று. இனிமேலாவது நிம்மதியாக வாழ ஆசைப்படுகிறேன். யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. கடவுள் பார்த்துக்கொள்வார். எங்களுக்குத் தனிமை தேவை. தயவுசெய்து யாரும் தப்பாகப் பேச வேண்டாம்.”

படித்துவிட்டு நிமிர்ந்தேன். “இதுல நான் அவரை ஒரு வார்த்தைகூடத் திட்டலையே டீச்சர்” என்றாள். உண்மைதான், திட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வரிக்கு வரி அவர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். தமிழில் குற்றம் சாட்டத் திட்ட வேண்டியதில்லை, ஓர் ஒட்டுச் சொல்லே போதும். ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

‘எவ்வளவோ பொறுத்துப் போனேன்.’ பொறுத்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். அது என்ன என்று படிக்கிறவர் உடனே யோசிப்பார். குடியா, சூதா, வேறு பெண்ணா? நீங்கள் சொல்லாமல் விட்டதால் மூன்றையுமே நினைத்துக்கொள்வார்.

‘முடிந்தவரை காப்பாற்றப் பார்த்தேன்.’ நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை என்பது இதன் மறுபாதி. ஒருமையில் ‘நான்’ என்று முயற்சியைச் சொல்லும் எந்த வாக்கியத்துக்கும் இந்த மறுபாதி தானாகவே முளைக்கும்.

‘பிரிய வேண்டியதாயிற்று.’ இந்த ‘வேண்டியதாயிற்று’ ரொம்பப் பொல்லாதது. நாமாகச் செய்தோம் என்று அது சொல்வதில்லை, யாரோ செய்ய வைத்தார்கள் என்கிறது. அந்த யாரோ யார் என்பதற்கு இந்தப் பதிவில் ஒரே ஆள்தான் இருக்கிறார். முன்னால் ‘பிள்ளைகளின் நலனுக்காக’ வேறு. அப்படியானால் அப்பாவோடு இருப்பது பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்று ஆகிறது.

‘இனிமேலாவது நிம்மதியாக.’ இதில் ‘ஆவது’ என்ற மூன்று எழுத்து ஒட்டு பதினான்கு வருடத்தையும் நரகமாக்கிவிடுகிறது. ‘இனி’ என்று மட்டும் சொன்னால்கூட அவ்வளவு உறுத்தாது. ‘தான்’ என்பதும் இதே சாதி. ‘பிள்ளைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதிப் பாருங்கள், அவர் பார்ப்பதில்லை என்று வந்துவிடும். ‘நான் மட்டும்’, ‘நான் ஒருத்தியாக’, ‘இப்போதுகூட’ எல்லாம் அப்படியே. எழுதி முடித்ததும் ‘ஆவது’, ‘தான்’, ‘கூட’, ‘மட்டும்’ நான்கையும் தேடிப் பிடித்து எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் வாக்கியம் நிற்கும், குத்தல் மட்டும் போயிருக்கும்.

‘யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை.’ கோபமே இல்லாதவர் இப்படிச் சொல்லமாட்டார்.

‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்ற இடத்தில் நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். மண்ணள்ளித் தூற்றுவதற்குப் பதில் நம் பெண்கள் சொல்கிற வார்த்தை அது என்று அவளுக்கும் தெரியும்.

‘தப்பாகப் பேச வேண்டாம்’ என்பது, தப்பாகப் பேச ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொடுக்கிறது. தடை போடும் வாக்கியங்கள் எல்லாம் இப்படித்தான் வேலை செய்யும்.

கடைசியாகத் ‘தனிமை தேவை’. இது வேறு வகைத் தப்பு. ஆங்கிலத்தில் பிரைவசி என்கிறார்களே, அதைத் தமிழில் சொல்ல வந்து பலர் தனிமை என்று எழுதிவிடுகிறார்கள். தனிமை என்றால் நமக்குத் துணையில்லாமல் இருப்பது. ‘எங்களுக்குத் தனிமை தேவை’ என்று படித்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தவர் சோறு கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். ‘தனியுரிமை’ என்பது அகராதிப்படி சரி, ஆனால் அது வக்கீல் நோட்டீஸ் வாசனை அடிக்கிற சொல். பெரியம்மாவுக்கு அது ஒன்றும் சொல்லாது. பெயர்ச்சொல்லைத் தேடாமல், மற்றவர்கள் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுவதே மேல்: எங்களிடம் கேட்காதீர்கள், பிள்ளைகளிடம் கேட்காதீர்கள், இரு வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்காதீர்கள். யாரிடம், எதை என்பது தெளிவாக இருந்தால் பெரும்பாலானவர்கள் மதிப்பார்கள். பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும், ‘அது மற்றவர்களுக்குச் சொன்னது, நான் நெருங்கின சொந்தம்’ என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெயரும் வினைச்சொல்லும்

திரும்ப எழுத உட்கார்ந்ததும் முதலில் முட்டியது அவர் பெயர். ‘என் கணவர்’ என்று எழுதினால் பிரிவைப் பற்றிய பதிவில் உரிமை கொண்டாடுவது போல இருக்கிறது. ‘முன்னாள் கணவர்’ என்பது இப்போதைக்குப் பொய், ஏன் என்று கீழே சொல்கிறேன். பெயரைச் சொல்லலாம். என் தலைமுறையில் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டோம், எழுதவும் கை கூசும். அப்படிப்பட்டவர்கள் ‘பிள்ளைகளின் அப்பா’ என்று எழுதலாம். அந்த உறவு மாறப்போவதில்லை, அதில் மரியாதையும் இருக்கிறது.

அடுத்தது வினைச்சொல். ‘பிரிந்துவிட்டோம்’ என்பதில் உள்ள ‘விட்டோம்’ ஏதோ உடைந்து போன மாதிரி ஒலிக்கும். ‘அவர் என்னைப் பிரிந்து சென்றார்’ என்றால் போனவர் குற்றவாளி. ‘தனித்தனியே வாழ்கிறோம்’ என்பதில் யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. இருவரும் எழுவாய், நிகழ்காலம், நடப்பு மட்டும். எனக்குத் தெரிந்து இதற்குத் தமிழில் இதைவிடச் சுத்தமான வாக்கியம் கிடையாது.

‘இருவரும் பேசி எடுத்த முடிவு’ என்பதை உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள். ஒருவர் விருப்பமில்லாமல் தலையாட்டியிருந்தால், அவர் வீட்டிலிருந்து யாராவது அடியிலேயே ‘எங்க அண்ணன் எப்ப ஒத்துக்கிட்டாரு?’ என்று கேட்டுவிடுவார்கள். அப்புறம் நீங்கள் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. உண்மை அப்படி இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். ‘தனித்தனியே வாழ்கிறோம்’ தனியாகவே நிற்கும்.

சட்டம் பக்கம் ஒரு பார்வை

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணமும் விவாகரத்தும் மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அது நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1. இருவரும் ஒத்துக்கொண்டால் 52-ஆம் பிரிவின்படி கூட்டாக மனு போடலாம், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் ஜேபிஎன் வழியாகச் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். உயர் நீதிமன்றம் முதலில் தருவது இடைக்கால ஆணை. வழக்கமாக மூன்று மாதம் கழித்து அது இறுதியாகிறது. அந்த இறுதி ஆணை கையில் கிடைக்கும்வரை நீங்கள் சட்டப்படி கணவன் மனைவிதான். அதனால்தான் ‘விவாகரத்து ஆகிவிட்டது’ என்றோ ‘முன்னாள் கணவர்’ என்றோ அவளை எழுதவிடவில்லை.

தேதியும் வேண்டாம். இரண்டு வருடம் தொடர்ந்து பிரிந்து வாழ்ந்ததை நீதிமன்றம் மணமுறிவுக்குரிய காரணங்களில் ஒன்றாகக் கவனிக்கும். ‘மார்ச் முதல்’ என்று பதிவில் வாய்க்கு வந்ததைப் போட்டு, மனுவில் வேறு மாதம் வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துவிடுவார். பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்று வழக்கு நடந்தால் நீங்கள் எழுதின ஒவ்வொரு குத்தல் வரியும் அதே வழியில் போய்ச் சேரும். வக்கீல் வைத்திருந்தால் பதிவை அவருக்கு அனுப்பிக் காட்டுங்கள், ஆறேழு வாக்கியம் படிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகாது. வக்கீலுக்கு வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையில், அதாவது ஜாபாத்தான் பந்துவான் குவாமானில், விசாரிக்கலாம்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்கு ஷரியா நீதிமன்றம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: தலாக் என்ற சொல் பதிவிலோ வாட்ஸ்அப்பிலோ எந்த வடிவத்திலும் வரக்கூடாது. அது வெறும் செய்தியாக நிற்காது, வழக்காகிவிடும்.

கடைசியில் வந்த வடிவம்

“உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நானும் ............-உம் இப்போது தனித்தனியே வாழ்கிறோம். இது இருவரும் பேசி எடுத்த முடிவு.

பிள்ளைகளுக்கு அம்மாவும் அப்பாவுமாக நாங்கள் இருவரும் தொடர்கிறோம். அவர்களுடைய படிப்பும் அன்றாட வாழ்க்கையும் வழக்கம்போல் நடக்கின்றன.

காரணம் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். எங்களிடமோ, பிள்ளைகளிடமோ, இரு வீட்டுப் பெரியவர்களிடமோ இதைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் இருவர் மீதும் இத்தனை ஆண்டுகள் காட்டிய அன்புக்கு நன்றி.”

‘காரணம் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்’ என்ற வரியை வைக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசினோம். காரணம் என்ற சொல்லே ஆவலைக் கிளப்பும் என்றாள். எனக்கோ அது இல்லாமல் முடியாது என்று பட்டது. அந்தக் கேள்வி எப்படியும் எழும். அதற்கு ஒரு கதவு இருக்கிறது, அது சாத்தியிருக்கிறது என்று பதிவே சொல்லிவிட்டால், பிறகு கேட்கிறவரிடம் “அதான் எழுதியிருக்கோமே” என்று சொல்ல முடியும்.

பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளி எதுவும் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். படமும் வேண்டாம். சூரியன் மறைகிற படம், ஒற்றை ரோஜா, கண்ணீர் விடும் முகம் எல்லாமே கருத்துச் சொல்பவை. வெறும் எழுத்து போதும்.

பதிவை அவருக்கு அனுப்பினாள். ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் இரவு ‘இரு வீட்டுப் பெரியவர்களிடமோ’ என்ற வார்த்தைகளைப் போடச் சொன்னவர் அவர்தான். அதற்கு முன் எங்கள் வரைவில் அது இல்லை. அவருடைய அம்மா தினமும் காலையில் ஒட்டுக்கடையில் நாசி லெமாக் வாங்கப் போகிறவர், அங்கே கேட்பார்களே என்ற கவலை. அந்தத் திருத்தம் வந்த பிறகுதான் இது உண்மையிலேயே இருவருடைய பதிவானது.

அவர் பதிலே சொல்லாமல் இருந்திருந்தால்? அப்போது ‘இருவரும் பேசி’ என்ற வரியும் ‘நாங்கள் இருவரும் தொடர்கிறோம்’ என்ற வரியும் போக வேண்டும். அவர் சார்பில் எதையும் வாக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. ‘நாங்கள் தனித்தனியே வாழ்கிறோம். பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள். இதைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் உதவி’ என்ற அளவுக்குச் சுருங்கும். அதுவும் கௌரவமான பதிவுதான்.

போடும் நாள்

ஒருவர் போட்டு மற்றவரை இணைத்தால், இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் ஒரே பதிவின் அடியில் சந்தித்துக்கொள்வார்கள். அங்கேதான் சண்டை தொடங்கும். அதே வாசகத்தை இருவரும் அவரவர் முகநூலில் தனித்தனியே, ஒரே நேரத்தில் போடுவது நல்லது. ‘நானும்’ என்ற இடத்துக்குப் பின்னால் வரும் பெயர் மட்டும் மாறும். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருப்பதைப் பார்த்ததுமே, இருவரும் சேர்ந்து எழுதியது என்று ஊர் புரிந்துகொள்ளும்.

பதிவு Friends என்ற அளவில் இருந்தால் போதும், Public வேண்டாம். முகநூலில் உங்கள் உறவுநிலையைக் காட்டும் இடத்தை முன்பே Only me என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அதைத் திருத்தும்போது அதுவே தனிச் செய்தியாகப் பரவக்கூடும். பழைய கல்யாணப் படங்களை அன்றே அழிக்காதீர்கள். அவற்றையும் Only me ஆக்கி வையுங்கள். அவை பிள்ளைகளுக்குச் சொந்தமான படங்களும்கூட.

பதிவைப் போட்ட பின் திருத்தாதீர்கள். முகநூலில் திருத்தியதன் பழைய வடிவம் பதிவைப் பார்க்கக்கூடியவர்களுக்கு Edit history என்ற இடத்தில் தெரியும். முதலில் என்ன இருந்தது, எதை எடுத்தாள் என்று பார்ப்பதற்கென்றே ஒரு சித்தப்பா இருப்பார். பெரிய தப்பு நேர்ந்தால் மொத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கும் இதே வாசகம்தான். குழு நிர்வாகி உங்களுக்கு வேண்டியவர் என்றால், அன்று ஒரு நாள் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றி வைக்கச் சொல்லலாம். குரல்பதிவுகள் பாதியாகக் குறையும்.

அவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் போட்டார்கள். எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம், மதியம்வரை பெரிதாக எதுவும் வரவில்லை. பிறகு வழக்கமானவை வந்தன: ‘என்னம்மா ஆச்சு?’, ‘யார் கண்ணு பட்டதோ’, ‘பிள்ளைகளுக்காக யோசிங்க’. அவளுக்கு ஒரே பதிலைத்தான் எழுதிக்கொடுத்திருந்தேன்: ‘நன்றி. பிள்ளைகள் நலம்.’ கேட்டது எதுவாக இருந்தாலும் அதுதான். மூன்றாவது தடவை அதையே பார்த்தவர்கள் அப்புறம் கேட்கவில்லை. ஒரு தோழி மட்டும் அவருடைய பழைய கதை ஒன்றை எடுத்து நீளமாக எழுதிவிட்டாள், அவள் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு. அதை அவள் உடனே நீக்கிவிட்டு, தோழிக்குத் தனியாகப் போன் செய்தாள். உங்கள் பதிவின் அடியில் மற்றவர் எழுதும் குற்றச்சாட்டை நீங்கள் விட்டுவைத்தால், அது நீங்கள் சொன்னதாகவே அந்த வீட்டில் படும்.

எழுத்தைவிட வாய்ச்சொல்தான் நம் ஊரில் அதிக நாள் ஓடும். அதனால் இரண்டு பக்கத்து அம்மாக்களுக்கும் ஒரு வாய்மொழி வடிவம் வேண்டும். “ஆமா, தனித்தனியா இருக்காங்க. பிள்ளைங்க நல்லா இருக்குதுங்க. இன்னைக்கு மீன் என்ன விலை?” மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம், பேச்சு நிற்கக்கூடாது. அவளுடைய அம்மாவை என் வீட்டு அடுப்படியில் உட்கார வைத்து நாலு தடவை சொல்ல வைத்தேன். முதல் மூன்று தடவையும் அழுதுவிட்டார்.

பதிவு ஒரு மாதம் கிடந்தால் போதும். பிறகு அதையும் Only me ஆக்கிவிடலாம்.

ஆறு வாரம் கழித்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, உறையில் ‘திரு–திருமதி’ என்று இருவர் பெயரும். பத்திரிகை அச்சடித்தவர்கள் பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருப்பார்கள். திருப்பி அனுப்பவோ விளக்கம் எழுதவோ வேண்டாம் என்றேன். பெண் வீட்டாருக்கு ஒரு வரி அனுப்பினாள்: ‘பத்திரிகை கிடைத்தது. நான் பிள்ளைகளோடு வருகிறேன், அவர் தனியாக வருவார்.’ மொய் இரண்டு உறையாகப் போனது.